FN, AN என்றால் எத்தனை மணி?

பொறியியல் கல்லூரித் தேர்வு அட்டவணையில் தேதிக்குப் பக்கத்தில் FN அல்லது AN என்று மட்டும் இருக்கும். FN முற்பகல், AN பிற்பகல். தமிழில் வரும் அறிவிப்புகளில் இதையே மு.ப., பி.ப. என்று போடுவார்கள். நாளின் எந்தப் பாதியில் தேர்வு என்பதை மட்டும்தான் இந்த எழுத்துகள் சொல்கின்றன. மணி நேரம் அட்டவணையின் தலைப்பிலோ அடியிலோ தனி வரியில் இருக்கும். தன் பாடம் உள்ள வரியை மட்டும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் மாணவருக்கு அந்த வரி கிடைக்காமல் போகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் மூன்று மணி நேரத் தேர்வுகளில் FN வழக்கமாக 10 முதல் 1 வரை, AN 2 முதல் 5 வரை. அதே மாணவர் கேட் தேர்வு எழுதப் போனால் கணக்கு மாறிவிடும். அண்மை ஆண்டுகளில் அங்கே முற்பகல் அமர்வு 9.30க்குத் தொடங்கி 12.30க்கு முடிகிறது, பிற்பகல் அமர்வு 2.30 முதல் 5.30 வரை. கல்லூரிப் பழக்கத்தில் FN என்றால் பத்து மணி என்று கிளம்புகிறவர் அரை மணி நேரம் பிந்திவிடுவார்.

இதைவிட மோசமான தவறு AN என்பதை AM என்று படிப்பது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். மங்கலான நகலில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். காலையில் வந்து நிற்பவருக்கு அலைச்சலோடு போய்விடும். FN தேர்வை மதியம் என்று நினைத்தவருக்குத் தாளே போய்விடும். சந்தேகம் வந்தால் அதே அட்டவணையின் மற்ற வரிகளைப் பாருங்கள். எங்காவது FN இருந்தால், உங்கள் வரியில் இருப்பது AN, அதாவது பிற்பகல்.

அரியர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மூன்றாம் செமஸ்டர் கணிதம் FN, நடப்பு செமஸ்டர் பாடம் அதே நாளில் AN என்று விழுவது சகஜம். ஒரு மணிக்கு எழுந்தால் இரண்டு மணிக்கு அடுத்த தாள். காலையில் உட்கார்ந்த அறையும் இருக்கையும் மதியத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு அமர்வுக்கும் தனி இருக்கைப் பட்டியல் ஒட்டுவார்கள். சாப்பிடப் போகும் முன்பே AN பட்டியலில் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. உணவு இடைவேளை முழுதாக ஒரு மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு வெளியே போகிறவர்கள்தான் பெரும்பாலும் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள்.

அட்டவணையில் இருப்பது தேர்வு தொடங்கும் நேரம். வாயிற்கதவு அதற்கு முன்பே மூடப்படும். டி.என்.பி.எஸ்.சி. முற்பகல் தேர்வு 9.30 மணிக்கு என்றால், 9 மணிக்குப் பிறகு வருபவரை உள்ளே விடுவதில்லை. அந்த நேரம் ஹால் டிக்கெட்டில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை அதைவைத்துத்தான் கணக்கிட வேண்டும்.