டை மாற்ற எண்பது நிமிடம்

பிரஸ் பழுதாகி நின்றால் ஷாப்பே திரண்டு வரும். டை மாற்றுவதற்காக அது நின்றாலோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உற்பத்திப் பொறியாளராக நான் முதலில் கைவைப்பது அந்த நேரத்தில்தான்.

முதலில் அதைச் சரியாக அளக்க வேண்டும். கடைசி போல்ட்டை முறுக்கியதும் கடிகாரத்தை நிறுத்துவது தவறு. பழைய பாகத்தின் கடைசி நல்ல பீஸ் விழுந்ததிலிருந்து புதிய பாகத்தின் முதல் நல்ல பீஸ் விழும் வரை அளக்க வேண்டும். ஒரு 200 டன் பிரஸ்ஸில் அது 80 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ எடுத்துப் பார்த்தால் 30 நிமிடம் டையையும் ஸ்பேனரையும் தேடுவதிலும் கிரேனுக்குக் காத்திருப்பதிலும் போயிருக்கும். கழற்றி மாட்ட 25. உயரத்தைச் சரிசெய்து, சோதனைப் பீஸ் அடித்து, அளவு பார்க்க 25.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1950-இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ ஆலையில் கண்டதும் இதுதான். 800 டன் பிரஸ் நின்றிருக்க, தொழிலாளி ஒரு போல்ட்டைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். 1969-இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் நான்கு மணி நேர வேலையை ஷிங்கோ முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைக்க வைத்தார்.

நம் பிரஸ்ஸில் தேடும் வேலை முழுவதையும் இயந்திரம் ஓடும்போதே முடித்துவிடலாம். அடுத்த டை, சரிபார்க்கப்பட்டு, டிராலியில் பக்கத்தில் நிற்க வேண்டும். 30 நிமிடம் மூன்றாகும். எல்லா டைகளிலும் கிளாம்ப் பிடிக்கும் இடத்தின் உயரத்தை ஒன்றாக்கினால் ஒரே நீள போல்ட், ஒரே ஸ்பேனர் போதும். மாட்ட 12 நிமிடம். குட்டையான டைகளின் அடியில் தட்டு வைத்து மொத்த உயரத்தைச் சமமாக்கினால் ராமை ஏற்றி இறக்க வேண்டாம். கடைசிக் கட்டமும் பத்தாகும். ஆக 25 நிமிடம். ஆனால் டையைச் சாணை பிடிக்கும்போதெல்லாம் உயரம் குறையும். தேய்த்த அளவுக்கு அடியில் ஷிம் வைக்க மறந்தால், சில மாதங்களில் செட்டர் பழையபடி சோதனைப் பீஸ் அடித்துக்கொண்டிருப்பார்.

மிச்சமான நேரத்தை என்ன செய்வது? நாளுக்கு இரண்டு முறை டை மாற்றியபோது 160 நிமிடம் போனது. இப்போது ஆறு முறை மாற்றினாலும் 150 நிமிடம்தான். ஒரே மூச்சில் 6,000 பீஸ் அடித்து அடுக்காமல் 2,000 அடித்தால் போதும். பீஸில் பர் இருப்பது பெரும்பாலும் வெல்டிங்கில்தான் தெரியவரும். அப்போது பிரித்துப் பார்க்க வேண்டியது 6,000 அல்ல, 2,000.

இப்படிச் செய்தால் டவுன்டைம் அறிக்கையில் பத்தே நிமிடம்தான் குறையும். அதைப் பார்த்து நிர்வாகம் முயற்சியைக் கைவிடக்கூடும். அதனால் பிரஸ்ஸுக்கும் வெல்டிங்குக்கும் நடுவே எத்தனை நாள் சரக்கு கிடக்கிறது என்பதையும் அதே பலகையில் எழுதச் சொல்கிறேன்.