சாவியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய நான்கு வார்த்தை

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சாவி ஒப்படைப்பு விழா என்றால், வாசலில் வாழைமரம், கார் நிறுத்துமிடத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், கேசரி, காபி எல்லாம் இருக்கும். குத்துவிளக்கு ஏற்றியபின் பில்டர் மைக்கைப் பிடிப்பார். வந்தவர்களின் மனம் மாடியில் இருக்கும் தங்கள் வீட்டில்தான் இருக்கும் என்பதால், அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதை நன்றி சொல்வதிலேயே செலவழித்துவிடுபவர்கள் உண்டு. பராமரிப்பைப் பற்றிப் பேசுபவர்கள்தான் வாங்கியவர்களுக்கு உண்மையில் உதவுகிறார்கள்.

நன்றி வேண்டாம் என்பதல்ல. அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, ஒவ்வொரு தளத்துக்கும் கூரை போட்டதும் ஒரு தவணை என்று வாங்கியவர்கள் கட்டிய பணத்தில்தான் கட்டடம் எழும்பியது. அவர்களில் பலர் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் வங்கிக்கு வட்டியும் ஒரே மாதத்தில் கட்டியவர்கள். “நீங்கள் நேரத்துக்குப் பணம் கட்டியதால்தான் வேலை நிற்கவில்லை” என்று பில்டர் சொன்னால் அது நெஞ்சிலிருந்து வருகிற வார்த்தை.

அடுத்து அவர் சொல்ல வேண்டியது, குளியலறையில் ஆசிட் ஊற்றாதீர்கள் என்பது.

விழா மேடைக்குப் பொருந்தாத பேச்சுபோலத் தோன்றும். ஆனால் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சண்டை மூட்டுவது பெரும்பாலும் குளியலறைக் கசிவுதான். டைல்ஸ்களுக்கு நடுவே அடைத்திருக்கும் சிமென்ட் கலவையை ஆசிட் அரித்துவிடும். கழுவிய அன்று தரை பளிச்சென்றிருக்கும். சில மாதம் போனால் இடுக்குகள் பள்ளமாகி, விரலால் தேய்த்தால் மணலாக உதிரும். குளிக்கும் தண்ணீர் அந்த வழியாக இறங்கி அடியிலுள்ள மணல், சிமென்ட் படுகையில் தேங்கும். அதற்கும் கீழே நீர்க்கசிவைத் தடுக்கப் பூசிய பூச்சு இருக்கிறது. பிடிமானக் கம்பி பொருத்தவோ வெஸ்டர்ன் கழிப்பறையை இடம் மாற்றவோ தரையைத் துளைத்து அந்தப் பூச்சையும் ஒருவர் கிழித்துவிட்டால், கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு வட்டம் விழும்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரை உடைக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குளிக்கும் நேரத்தையொட்டி மட்டும் ஈரம் கூடினால் தரையிலோ கழிவுநீர்க் குழாயிலோ கோளாறு. இரவு பகல் எப்போதும் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். முதல் வகைக்கு ஒரு சோதனை உண்டு: தரையிலுள்ள வடிகால் துளையை இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். கீழே வட்டம் பெரிதானால் தரைதான் ஒழுகுகிறது. அப்படியே இருந்தால், அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது சொட்டினால் குழாய் இணைப்பில் பழுது.

யார் செலவில் சரிசெய்வது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், மக்கள் ‘ரெரா’ என்று சொல்வது, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. குழாய் இணைப்பு ஆரம்பத்திலேயே சரியாக ஒட்டப்படவில்லை என்றால் அது அவர் பொறுப்பு. ஆசிட்டில் அரித்த இடுக்கும், குடிவந்தபின் போட்ட துளையும் அவர் வேலையின் குறை என்று வாதிடுவது கடினம். நேர்மையான பில்டர் இந்த இரண்டையும் மேடையிலேயே பிரித்துச் சொல்வார். தன் பொறுப்பை மறைத்துவிட்டு வாங்கியவர் கடமையை மட்டும் அடுக்குவது நியாயமான பேச்சாகாது. வாங்கியவர்களும் ஒப்படைப்புக் கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குறை தெரிந்தால் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில், படத்தோடு தெரிவிக்க வேண்டும்.

பொது இடங்களைப் பற்றி இரண்டு வரி போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் மொட்டைமாடி வடிகால் துளைகளில் இலை, குப்பை எடுத்து, மழைநீர் சேகரிப்புக் குழியிலுள்ள ஜல்லியைக் கழுவிப் போட வேண்டும். மாடியில் ஆணியடித்து டிஷ் ஆன்டெனா பொருத்தக் கூடாது.

இதையெல்லாம் தனித்தனி வீட்டுக்காரர் செய்ய முடியாது. அதனால்தான் அசோசியேஷன் வேண்டும். அதில் பங்கெடுப்பதை வாங்கியவரின் கடமையாகவே ரெரா சட்டம் சொல்கிறது. மாதப் பராமரிப்புத் தொகையைத் தள்ளிப்போட்டால் முதலில் தடுமாறுவது மோட்டாரும் லிஃப்டும்தான். அசோசியேஷன் அமைந்ததும் பில்டரிடம் கேட்டு வாங்க வேண்டியவற்றில் முக்கியமானது, சுவருக்குள் ஓடும் குழாய்களும் மின்கம்பிகளும் குறித்த வரைபடம். கீஸர் மாட்டவரும் ஆள் டிரில்லை எடுக்கும் முன் பார்க்க வேண்டியது அதுதான். விழா மேடையிலேயே அதன் ஒரு பிரதியை ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சாவியோடு சேர்த்து பில்டர் கொடுத்துவிடலாம்.