ஓடு விட்ட பழம்

மரத்தடிக் கணக்கு – 11

மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஊத்தங்கரைப் பக்கம் இருக்கும் அக்கா மகனிடமிருந்து செல்போனில் ஒரு படம் வந்தது. முறத்தில் பன்னிரண்டு புளியம்பழம். கூடவே குரல் பதிவு: “மாமா, கலர் வந்திருச்சு. ஓட்டோட எடுத்துக்கிறேன்னு வியாபாரி சொல்றார். நாளைக்கு உலுக்கிடலாமா?”

படத்தில் எல்லாமே பழுப்புதான். ஆனால் புளியில் பழுப்பை நம்பக் கூடாது. கொய்யாவைப் போலப் பச்சை போய் மஞ்சள் வருகிற கதை இதில் கிடையாது. காயாக இருக்கும்போதே ஓட்டின்மேல் தவிடு தூவினாற்போல ஒரு பழுப்புப் பொருக்கு படிந்துவிடும். பச்சை அதற்கு அடியில் ஒளிந்திருக்கும். எட்டி நின்று எடுத்த படத்தில் காயும் பழமும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

“ஒவ்வொண்ணையும் நகத்தால் கீறு. கீறின இடத்தைக் கிட்ட வைத்துப் படம் எடு” என்றேன். கீறலில் பச்சைக் கோடு ஈரமாக மின்னினால் அது காய். பொருக்கு தூளாக உதிர்ந்து, அடியிலும் காய்ந்த பழுப்பே தெரிந்தால் பழம். பச்சை மங்கி, பழுப்பு முழுசாக வராமல் இருந்தால் ஒதப்பழம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தேடித் தின்பது அதைத்தான். வியாபாரத்துக்கு அது ஆகாது.

பன்னிரண்டு படத்தில் ஏழு பழம், மூன்று ஒதப்பழம், இரண்டு காய். ஒரே மரத்தில் இத்தனை வித்தியாசம் எப்படி என்று அவனுக்கு ஆச்சரியம். வைகாசியில் தொடங்கிச் சில வாரங்களுக்குப் பூத்துக்கொண்டே இருக்கிற மரம் இது. முதலில் பூத்ததற்கும் கடைசியில் பூத்ததற்கும் உள்ள இடைவெளி, எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பழுக்கும்போதும் அப்படியே நிற்கும். உலுக்கினால் பழம் உதிரும். மீதியைத் தொரட்டியால் இழுத்தால் காயும் சேர்ந்து வரும்.

அடுத்தது விரிசல். நிறத்தைவிட இது உண்மை பேசும். பழுக்கப் பழுக்க உள்ளே இருக்கும் சதை தண்ணீரை இழந்து சுருங்குகிறது. நன்றாகப் பழுத்த சுளையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம்தான் மிஞ்சும். ஓடு காய்ந்து விறைத்துவிடுகிறதே தவிர, சதையோடு சேர்ந்து அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது. ஒட்டாத உறவைப் ‘புளியம்பழமும் ஓடும் மாதிரி’ என்று நம் ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான். பழத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் லேசாக லொடலொடக்கும். படத்தில் அந்தச் சத்தம் வராதே, அதனால் கட்டைவிரலால் அமுக்கி உடைத்து, உடைந்த வாயைப் படமெடுக்கச் சொன்னேன்.

பழுத்த ஓடு மொறுக்கென்று உடையும். விளிம்பு கூராக இருக்கும், அதற்கும் சதைக்கும் நடுவே கறுப்பாக ஒரு சந்து தெரியும். காயின் ஓடு உடையாது, வளையும். இழுத்தால் தோல்போல உரிந்து, சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் ஒன்று இருந்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

நாம் உடைக்காமல் ஏற்கெனவே இருக்கும் விரிசல் வேறு வகை. காம்புப் பக்கத்தில் மட்டும் ஓடு பெயர்ந்திருந்தால், கையால் பிடித்து இழுத்துப் பறித்த பழம் அது. கெடுதல் ஒன்றும் இல்லை, சீக்கிரம் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் வெடித்து, விளிம்பு மழுங்கி, உள்ளே சதை கறுத்துக் கசிந்திருந்தால் ஈரமோ பூச்சியோ முன்பே புகுந்தாயிற்று. துளைபோட்ட மாதிரி வட்டமாக ஓட்டை இருந்தால் அது விரிசலே அல்ல. கொட்டையைத் தின்று வளர்ந்த வண்டு வெளியேறிய வாசல் அது. அந்தப் பழத்தைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். மூட்டையில் போனால் மற்ற பழத்தின் கொட்டைக்கும் பரவும்.

மூன்றாவது, வெட்டிய படம். அவன் முதலில் அனுப்பியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். சதை முழுக்கக் கரிய தீற்றல். கேட்டால் அரிவாள்மனையில் அரிந்தானாம். புளியின் அமிலம் இரும்பில் பட்டால் கறுத்துவிடும். அப்புறம் எவர்சில்வர் கத்தியால், வெள்ளைத் தாளின்மேல், பகல் வெளிச்சத்தில் நீளவாக்கில் கீறச் சொன்னேன். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் எந்தப் புளியும் செக்கச்செவேலென்று தெரியும். பக்கத்தில் வெள்ளைத் தாள் இருந்தால் தாளே மஞ்சளாகத் தெரிந்து விளக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டு வாயில் நான் முதலில் பார்ப்பது கொட்டையை. வெளுத்து, கத்திக்கு மெத்தென்று அறுபட்டிருந்தால் காய். கெட்டியாக, பளபளப்பான பழுப்பில் கத்தியை விலக்கியிருந்தால் பழம். அடுத்தது சதை. காயில் வெளிறிய பச்சை, ஒதப்பழத்தில் மாவுபோல உதிரும் மஞ்சள் பழுப்பு, பழத்தில் பிசுபிசுப்பான செம்பழுப்பு. பழத்தில் நார் தனித்தனி இழையாகச் சதைமேல் கிடக்கும், நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக வரும்.

சிவப்பிலும் ஒரு ஏமாற்று உண்டு. சில மரங்களில் காய்க்குள்ளேயே சதை ரோஜா நிறத்தில் இருக்கும். அது மரத்தின் குணம், பழுத்ததற்கு அடையாளம் இல்லை. கறுப்பும் அப்படித்தான். இந்த வருஷத்துப் பழத்தில் கறுப்பு தெரிந்தால் ஈரம் பட்டதா என்று பார்க்க வேண்டும். போன வருஷத்துப் புளி கறுத்திருந்தால் அது வயசு. சூடும் ஈரமும் கூடின இடத்தில் வைத்தால் அந்த வயசு சீக்கிரம் வந்துவிடும்.

படத்துக்கு எட்டாதது புளிப்பு. பழுக்கும்போது புளியில் சர்க்கரை ஏறுகிறதே தவிர, மற்ற பழங்களைப்போல அமிலம் இறங்கிவிடுவதில்லை. அதனால் நிறத்தை வைத்துப் ‘புளிப்பு குறைவு’ என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். அதற்கு நாக்குதான்.

“இருபது நாள் பொறு” என்று அக்கா மகனுக்குச் சொன்னேன். “காயில தண்ணி இருக்கு, எடை நிக்குமே மாமா” என்றான். நிற்கும்தான். ஆனால் வியாபாரி மூட்டையில் கைவிட்டு எடுக்கிற நாலாவது பழம் வளைந்தால், அந்த மூட்டைக்கே விலையைக் குறைப்பார். காயில் உள்ள சதை ஓட்டைவிட்டு வராது, தட்டுகிற பெண்களுக்குக் கூலியும் நேரமும் இரட்டிப்பு.

பொறுத்தான். பங்குனியில் தொரட்டியைத் தொடாமல், கிளையை உலுக்கி உதிர்ந்ததை மட்டும் பொறுக்கினார்கள். அதிலிருந்து ஒரு கிலோ எடுத்துத் தட்டி, தனித்தனியாக நிறுத்து அனுப்பினான்: சுளை 390 கிராம், கொட்டை 340, ஓடு 240, நார் 30. ஓட்டோடு விற்பதா, கொட்டை எடுத்து விற்பதா என்று கணக்குப் பார்க்க அந்த நாலு எண் போதும்.

அதன் கீழே ஒரு படமும் இருந்தது. ஒரு முழுப் பழம், நீளத்துக்கும் ஓடு கழன்று பக்கத்தில் கிடக்கிறது. சதையில் ஒரு கீறல்கூட இல்லை. இந்தத் தடவை அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

(தொடரும்)