வாடை வராமல், ஈ மொய்க்காமல் பக்கெட்டில் உரம்

வீட்டில் உரம் போட்டுப் பார்த்து, "நாத்தம் தாங்கல" என்று நிறுத்திவிட்டீர்களா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஈரம் அதிகம், காற்று குறைவு. காய்கறித் தோலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். அது கசிந்து அடியில் தேங்கினால் காற்று போகாது. மக்குவதற்குப் பதில் அழுக ஆரம்பித்துவிடும்.

மூடியோடு 20 லிட்டர் காலி பெயின்ட் பக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலும் பக்கவாட்டிலும் பென்சில் பருமனில், இரண்டு அங்குல இடைவெளியில் துளை போடுங்கள். உள்பக்கம் கொசுவலைத் துணியை ஒட்டிவிட்டால் துளை வழியே ஈ நுழையாது. தட்டு வைத்து, அதில் இரண்டு செங்கல் போட்டு, மேலே பக்கெட்டை வையுங்கள். மழையும் வெயிலும் நேரடியாகப் படாத பால்கனி மூலை போதும்.

அடியில் மூன்று அங்குலம் காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள். நார்த்தூள் கட்டியைச் செடிக்கென்றால் ஊறவைப்போம். இங்கே அப்படிச் செய்துவிடாதீங்க. ஈரத்தை உறிஞ்சத்தான் போடுகிறோம், அதனால் உதிர்த்து, உலர்ந்தபடியே பயன்படுத்துங்கள். ஒரு கரண்டி புளித்த மோரைத் தெளித்தால் மக்குவது சீக்கிரம் தொடங்கும்.

நான்கு பேர் வீட்டில் தினம் அரைக் கிலோ காய்கறிக் கழிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை வடித்து, சிறிதாக நறுக்கிப் போடுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் நார்த்தூள். கழிவு கண்ணுக்கே தெரியாதபடி மூட வேண்டும். வாழைப்பழத் தோலில் பழ ஈ ஏற்கெனவே முட்டையிட்டிருக்கும். அதை மட்டும் நடுவில் குழி பறித்துப் புதையுங்கள். மீன், இறைச்சி, பால், எண்ணெய்க் குழம்பு வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள், அதிலும் ஈ மொய்க்கும்.

சரியாக இருக்கிறதா என்று கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்க. ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இரண்டு கிண்ணம் நார்த்தூள் சேர்த்துக் கிளறுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தாலும் இதே வைத்தியம்தான். மூக்கைத் துளைக்கும் கார நெடி அடித்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது; காய்ந்த இலையோ கிழித்த செய்தித்தாளோ போடுங்கள். புழு நெளிவதும் ஈரம் மிஞ்சியதன் அறிகுறிதான். தூக்கி எறிய வேண்டியதில்லை, உலரவிட்டால் போய்விடும்.

பக்கெட் நிறைய சுமார் மூன்று வாரம் ஆகும். பிறகு புதிதாக எதுவும் போடாமல் ஆறு வாரம் விட வேண்டும். அதனால் ஒரு பக்கெட் போதாது, மூன்று தேவை. முதலாவது ஓய்வில் இருக்கும்போது மற்ற இரண்டும் ஒவ்வொன்றாக நிறையும்.

உரம் ஆனதும் கருப்பாக, உதிரியாக, மண் வாசனையோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை பிளாஸ்டிக் பையில் இரண்டு நாள் கட்டி வையுங்கள். திறக்கும்போது வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. ஆனதைச் சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டியில் போடலாம். சல்லடையில் நிற்கும் கட்டிகளை அடுத்த பக்கெட்டில் போட்டால் மோர் தெளிக்கும் வேலைகூட இருக்காது.