போர்ட்டலில் பில் இல்லை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அப்படி ஒரு வெள்ளம் கடைக்குள் புகுந்தால் சரக்கோடு பில் கட்டுகளும் போகும். அதே மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரும் போகும். காகிதமும் அதன் நகலும் ஒரே அறையில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகவே அழிகின்றன. அப்போது வியாபாரிக்குச் சொல்லப்படும் ஆறுதல், “எல்லாம்தான் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறதே” என்பது. இது பாதிதான் உண்மை. போர்ட்டலில் இருப்பது பில்லைப் பற்றிய குறிப்பே தவிர பில் அல்ல. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பில்லைத் தேடிப் பிடிக்கும் வேலை வியாபாரியுடையது. அதற்கான காலமும் அவர் நினைப்பதைவிடக் குறைவு.

முதலில் அங்கே என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். உள்ளே நுழைந்து Services, Returns, Returns Dashboard என்று போய், நிதியாண்டையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தால் அந்த மாதத்துக் கணக்குகள் வரும். விற்பனைக்கு GSTR-1, கொள்முதலுக்கு GSTR-2B. இந்த 2B 2020 ஆகஸ்டிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய மாதங்களுக்கு GSTR-2A-வைத்தான் நம்ப வேண்டும். விற்பனைப் பக்கத்தில் ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குப் போட்ட பில்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். கல்லாவில் நின்று வாங்கிப்போனவர்களின் பில்கள் வரி விகித வாரியாக ஒரே தொகையாகத்தான் இருக்கும். அவற்றைத் தனித்தனியாக மீட்க வழியே இல்லை. இதற்கெல்லாம் முன்பே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடவுச்சொல் மறந்து மாற்றப் போனால், ஓடிபி பதிவு செய்த கைபேசிக்குப் போகும். அந்த எண் பல கடைகளில் கணக்கு எழுதிக் கொடுப்பவருடையது. அவர் மாறிவிட்டாலோ தொடர்பில் இல்லாவிட்டாலோ, உரிய ஆவணங்களோடு வட்டார வரி அலுவலரிடம் போய் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிக்கொண்டு வர வேண்டும். மீட்பு வேலையில் முதல் நாள் செய்ய வேண்டியது இதுதான்.

“2B-யில் பில் எண், தேதி, தொகை, வரி எல்லாம் இருக்கிறது, அரசே தயாரித்த கணக்கை அரசே ஏற்காதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்கில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரிச் சலுகையே கிடையாது என்றும் ஆகிவிட்டதால், 2B இருந்தால் போதும் என்ற நினைப்பு வலுத்துவிட்டது. ஆனால் அந்த விதி பழைய நிபந்தனையோடு சேர்க்கப்பட்டது. பழையது அப்படியே நிற்கிறது. சலுகை கேட்பவர் பில்லைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம் 16(2) பிரிவின் முதல் நிபந்தனை. சலுகைக்குத் தகுதி உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையதே என்கிறது 155-ஆம் பிரிவு. காரணமும் இல்லாமல் இல்லை. 2B என்பது விற்றவர் தன் கணக்கில் ஏற்றியதன் பிரதிபலிப்பு. என்ன பொருள், எத்தனை மூட்டை, என்ன விலை என்பது அதில் இராது. பில்லில் இருக்கும்.

ஓர் இரும்புக் கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2021-22 ஆண்டுக்குக் கொள்முதல் பில்களைக் காட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. எடுத்த சலுகை 12 லட்சம் ரூபாய். பன்னிரண்டு மாத 2B கோப்புகளையும் இறக்கி, ஒரே எக்செல் தாளில் ஒட்டி, விற்றவரின் ஜிஎஸ்டி எண் வாரியாக வரித்தொகையைக் கூட்டினால் 300 பில்கள், 11 பேர் என்று தெரிகிறது. அதில் 4 பேரிடம் வாங்கிய சிமெண்டுக்கும் கம்பிக்குமே 9.5 லட்சம். ஆகவே முதல் கடிதம் அந்த நால்வருக்கு. “எங்கள் பில்கள் எல்லாவற்றையும் அனுப்புங்கள்” என்று எழுதினால் பதில் வராது. பில் எண், தேதி, தொகை மூன்றையும் அட்டவணையாகக் கொடுத்துக் கேட்டால் அங்கே இருக்கும் கணக்கர் எண்ணைத் தட்டி எடுத்துவிடுவார். கணக்கையும் ஆவணங்களையும் வைத்திருக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு. மீதி ஏழு பேரில் ஒருவர் கடையை மூடிவிட்டார் என்று வையுங்கள். போர்ட்டலின் Search Taxpayer பகுதியில் அவருடைய எண்ணைப் போட்டால், பதிவு எந்தத் தேதியிலிருந்து ரத்தானது என்று காட்டும். நம் பில் தேதி அதற்கு முந்தையது என்றால் அந்தத் திரையையும் அச்செடுத்து வைக்க வேண்டும். பிந்தையது என்றால் பில்லே கிடைத்தாலும் சிக்கல்தான்.

பில் கிடைத்ததும் வேலை முடிந்ததா என்றால், இல்லை. கர்நாடக வாட் வரி தொடர்பான ஈகாம் கில் காபி வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பில்லும் காசோலையும் மட்டும் காட்டினால் போதாது, சரக்கு உண்மையில் வந்து சேர்ந்ததையும் காட்ட வேண்டும். வாட் காலத்துத் தீர்ப்புதான். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு ஜிஎஸ்டியிலும் வாங்கியவர்மேல்தான். எனவே இ-வே பில் எண்களையும் விற்றவரிடம் சேர்த்தே கேட்பது நல்லது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை என்பதால், சிறு லோடுகளுக்கு லாரி ஆபீஸ் ரசீதின் நகல்தான் சான்று. வங்கியிலிருந்து அந்த ஆண்டின் முழு ஸ்டேட்மென்ட் வாங்கினால் அது இரண்டு வேலை செய்யும். பணம் போனதைக் காட்டும். 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் பதில் ஆகும்.

வெள்ளத்தில் போயிற்று என்று சொன்னால் அதிகாரி இரக்கம் காட்ட மாட்டாரா? காட்டலாம், அவகாசம் தரலாம். ஆனால் வெள்ளத்தைச் சொல்லும் கடிதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அழிந்துபோன சரக்குக்கு எடுத்த வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது 17(5) பிரிவு. சரக்கின் இழப்பை விவரமாக எழுதிவிட்டு அந்தத் தொகையைத் திருப்பாமல் இருந்தால், ஒரு நோட்டீஸுக்கான பதிலே அடுத்த நோட்டீஸுக்குக் காரணமாகிவிடும்.

இனி காலக்கெடு. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2021-22க்கு அது 2028 டிசம்பர் 31. போர்ட்டலோ ரிட்டர்ன் விவரங்களை ஏழு ஆண்டுதான் காட்டும் என்பது அதன் கொள்கை. அதன்படி 2017 ஜூலை மாதக் கணக்கு 2024 ஆகஸ்ட் முதல் தேதியும், 2017 ஆகஸ்ட் மாதக் கணக்கு 2024 செப்டம்பர் முதல் தேதியும் எடுக்கப்பட்டன. 2017-18 ஆண்டுக்கான ஆவணங்களை வியாபாரி 2026 பிப்ரவரி வரை வைத்திருக்க வேண்டியிருந்தது. வணிகர்கள் முறையிட்ட பிறகு விவரங்கள் திரும்பப் போடப்பட்டன. கூடவே, தேவையானதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பும் வந்தது. வியாபாரியிடம் கேட்கும் காலத்துக்கு முன்பே அரசுத் தளம் கைவிடுவது நியாயமல்ல. இந்த இரண்டு கெடுவையும் ஒன்றாக்க வேண்டியது அரசின் வேலை. அதுவரை, ஆகப் பழைய மாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கி, கடைக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். அதே ஏழு ஆண்டுக் கணக்குப்படி, 2021 ஏப்ரல் மாதக் கணக்கு போர்ட்டலை விட்டுப் போகும் நாள் 2028 மே முதல் தேதி.