காலில் இறங்கிய நீர் கழுத்துக்கு ஏறும் கதை

“டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கு லோடு ஓட்டுகிறேன். வயது 46. வண்டியை விட்டு இறங்கினால் இரண்டு பாதமும் வீங்கிக் கிடக்கிறது, செருப்பு வார் பதிந்த தடம் ஒரு மணி நேரம் மறைவதில்லை. படுத்து எழுந்தால் வற்றிவிடுகிறது. ஆனால் எத்தனை மணி நேரம் தூங்கினாலும் பகலில் கண்ணைச் சொருகுகிறது. போன வாரம் டோல்கேட் வரிசையில் நிற்கும்போதே தூங்கிவிட்டேன். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துத்தான் எழுப்பினார். இடுப்பு மரக்கட்டையாக இறுகிப்போகிறது. பிரஷருக்கு மட்டும் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை போடுகிறேன். இந்த மூன்றுக்கும் தனித்தனியாக மாத்திரை எழுதிக் கொடுங்கள்.”

கிளினிக்குக்கு வந்த இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, “படுத்து எழுந்தால் வற்றிவிடுகிறது” என்பதுதான். வற்றிய நீர் எங்கே போனது?

முதலில் அது காலுக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். இதயம் தள்ளிய ரத்தம் பாதம்வரை இறங்குவதில் சிரமம் இல்லை. திரும்பி ஏறுவதில்தான் சிக்கல். கெண்டைக்கால் தசைகளுக்குள் ஓடும் சிரைகளில், மேல்நோக்கி மட்டுமே திறக்கும் வால்வுகள் உண்டு. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தசை இறுகிச் சிரையைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் மேலே போகிறது, வால்வு கதவடைத்துக் கீழே விடாமல் காக்கிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90. பி.பி. கருவியில் படிக்கிறோமே, அதே அலகுதான். அவரே பத்தடி நடந்தால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நெடுஞ்சாலையில் டாப் கியர் விழுந்த பிறகு ஓட்டுநரின் அந்த இரண்டாவது இதயம் நின்றுவிடுகிறது. வலது கால் ஆக்ஸிலரேட்டரில் ஒரே நிலையில் படிந்திருக்கிறது, இடது காலுக்கு வேலையே இல்லை. சீட்டின் முன்விளிம்பு தொடையை அழுத்துகிறது. பழைய வண்டிகளில் பக்கத்திலேயே இருக்கும் இன்ஜினின் சூடு சிரைகளை இன்னும் விரிக்கிறது. அழுத்தம் இறங்க வழியில்லாததால் நுண்குழாய்ச் சுவர் வழியே நீர் திசுக்களுக்குள் கசிகிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பார்த்தால் குழி விழும்.

இந்த ஓட்டுநர் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் இருந்தது. பிரஷர் மாத்திரையின் அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். நினைத்தபடியே அம்லோடிபின். நல்ல மருந்துதான், ஆனால் நுண்குழாய்களுக்குள் ரத்தத்தை அனுப்பும் சிறு தமனிகளை விரிக்கிறது, அவற்றைத் தாண்டி இருக்கும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரும் வழி அகலம், போகும் வழி பழைய அளவு. அளவு கூடக் கூடப் பாதவீக்கமும் கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று மருந்து உண்டு, எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

இப்போது நீர் போன இடத்துக்கு வருவோம். படுத்தவுடன் காலும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. பகலெல்லாம் காலில் தேங்கிய சில நூறு மில்லிலிட்டர் நீர் மெல்ல ரத்தத்துக்குள் திரும்புகிறது. அதில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வடித்துவிடுகிறது. நள்ளிரவில் எழுந்து வண்டியின் பின்பக்கம் ஒதுங்க வேண்டியிருப்பது அதனால்தான். இன்னொரு பகுதி கழுத்துவரை போகிறது. தொண்டையைச் சுற்றியுள்ள திசுக்களும் சிரைகளும் சற்றே புடைக்கின்றன. எலும்புக் கூடு இல்லாத மென்மையான குழாய் அது, சிறிது நெருக்கினாலும் தூக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு 10 நொடி, 20 நொடி நிற்கிறது. மூளை திடுக்கிட்டு விழிக்க, குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றுதான் சொல்வார்.

மணிக்கு 5 தடவைக்குள் இப்படி நடந்தால் பொருட்படுத்துவதில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமையான நோய். கால் சிரை பழுதான, தூக்கத்தில் மூச்சும் நிற்கிற சிலரிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பகலில் இறுக்கமான காலுறை மட்டும் ஒரு வாரம் போடச் செய்தார்கள். மூச்சு நின்ற தடவைகள் மணிக்கு 48-லிருந்து 31-ஆகக் குறைந்தன. தொண்டைக்கு வைத்தியமே பார்க்கவில்லை, காலுக்கு உறை போட்டதோடு சரி! ஆய்வில் இருந்தவர்கள் வெகு சிலர்தான். 31-உம் நோய்தான். கழுத்துக் கொழுப்பு, தாடை அமைப்பு என்று வேறு காரணங்களும் இருக்கையில் காலுறை மட்டும் போதாது. என்றாலும் காலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுவது தெரிந்துவிட்டது.

வீங்கிய காலுக்குத் தலையணை வைத்துப் படுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். குறட்டை விடுபவருக்கு நான் அதை அப்படியே சொல்வதில்லை. தூங்கும் நேரத்தில் காலைத் தூக்கி வைத்தால் நீர் கழுத்தை நோக்கித்தானே ஓடும்? வண்டியை நிறுத்தியதும், சாப்பாட்டுக்கு முன்பே அரைமணி, முக்கால் மணி காலை உயர்த்தி வைக்கட்டும். திரும்பிய நீரில் முடிந்தது சிறுநீராக வெளியேறட்டும். பிறகு தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கட்டும்.

இடுப்பு விறைப்பும் ஓரளவு நீர்க் கதைதான். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. பகலில் பாரம் அவற்றிலிருந்து நீரைப் பிழிகிறது, இரவில் படுக்கும்போது அவை உறிஞ்சி உப்புகின்றன. மாலையில் நாம் எல்லோருமே காலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு குள்ளம். அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால்தான் வட்டுக்குச் சத்து போய்ச் சேரும். கூன் போட்டு ஒரே நிலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த மாற்றம் நின்றுபோகிறது, தசைநார்களும் இழுபட்டுத் தொய்கின்றன. இறங்கிய கையோடு தார்ப்பாய்க் கயிற்றை இழுப்பவருக்குத்தான் பிடித்துக்கொள்கிறது. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு இழுக்கச் சொன்னேன். கெண்டைக்காலுக்கும் அதுவே மருந்து. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரைமணி ஓய்வு வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. லோடு கொடுப்பவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இவருக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்குகிறது, காலையில் வற்றுகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் கதை வேறு. தேங்கிய ரத்தம் சிரைக்குள் உறைந்திருக்கலாம். 1940-இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பாதுகாப்பு அறைகளில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தவர்களில் பலர் திடீரென்று இறந்தார்கள். பிணக்கூறாய்வு செய்த மருத்துவர் கீத் சிம்ப்சன், காலில் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு நுரையீரலை அடைத்திருந்ததைக் கண்டார். நாற்காலியின் முன்சட்டம் தொடையை அழுத்தியது என்பதும் அவர் குறித்த காரணங்களில் ஒன்று. அப்படி வீங்கிய காலை எண்ணெய் போட்டு நீவக் கூடாது, அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அங்கேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மூன்று மாத்திரைக்குப் பதில் ஒரு பதில் கடிதம் போட்டேன். சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும், கழுத்துச் சுற்றளவை அளக்க வேண்டும், ஓரிரவு தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். அதுவரை இரவு லோடு வேண்டாம். வரும்போது கிளீனரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் குறட்டை எங்கே நிற்கிறது, எப்போது திரும்ப வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்றும் எழுதினேன்.

இருவரும் வந்தார்கள். குறட்டையைப் பற்றிக் கேட்டதும் கிளீனர் ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “நின்னு போச்சுன்னா நான்தாங்க அண்ணனைத் தட்டி விடுவேன்” என்றார்.