நாலு பேர், மூணு நாட்டு காசு: டிரிப் கணக்கை எந்த ரேட்டில் முடிக்கணும்?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரிஞ்ச நாலு பேர் ஒரு லேப்டாப்போட வீட்டுக்கு வந்தாங்க. நாலு பேரும் ஒரே ஆபீஸ். தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம்னு 18 நாள் சுத்திட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. கணக்கு மட்டும் முடியல. "அண்ணா, நீங்க ஆடிட்டர்தானே, நீங்களே சொல்லிடுங்க" என்று ஷீட்டை என் பக்கம் திருப்பினார்கள்.

இங்கே பேரை மாத்தி கார்த்தி, திவ்யா, ஹரி, நிஷான்னு வச்சுக்கலாம். எழுதி வைக்காததால் வந்த சண்டை இல்லை இது. ஒவ்வொரு செலவும் ஷீட்டில் ஒழுங்காகவே இருந்தது. பிரச்சனை ஒரே ஒரு காலத்தில்தான்: பாட், டாலர், டாங் எல்லாத்தையும் ரூபாய் ஆக்கும் அந்த ரேட்.

அவங்க பண்ணின கணக்கு

ஷீட்டில் ரேட்டுக்கு இந்த ஃபார்முலா போட்டிருந்தாங்க.

```
=GOOGLEFINANCE("CURRENCY:THBINR")
```

இதில் ரெண்டு சிக்கல் இருக்கு. முதல் சிக்கல், இந்த ரேட் நிலையா நிக்காது. ஷீட்டைத் திறக்கிற அன்னைக்கு என்ன ரேட்டோ அதுதான் வரும். அதனால ஹரி தரவேண்டிய தொகை சனிக்கிழமை ஒண்ணு, திங்கட்கிழமை வேறொண்ணு. யாரோ ஷீட்டை மாத்துறாங்கன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் சந்தேகப்பட ஆரம்பிச்சதே இதனாலதான்.

ரெண்டாவது சிக்கல் பெருசு. அது நடு மார்க்கெட் ரேட். அதாவது வாங்குற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் இருப்பது. அந்த ரேட்டில் நமக்கு யாரும் பாட் தருவதில்லை. செலவைப் பிரிக்கிற ஆப்களிலும் கரன்சி மாற்றம் என்றால் பொதுவாக இதே மாதிரி ஒரு மார்க்கெட் ரேட்தான் வரும்.

நாலு பேரும் நாலு விதமா பணம் கட்டியிருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் ரூபாயில் உண்மையா எவ்வளவு போச்சுன்னு பார்க்கலாம்.

கையை விட்டுப் போன ரூபாய்

கார்த்தி தாய்லாந்து ஹோட்டல் எல்லாத்துக்கும் கிரெடிட் கார்டு தேய்ச்சார். மொத்தம் 24,000 பாட். ஒரு பாட் ₹2.65 என்று பார்த்தால் ₹63,600. ஆனா அவர் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் உண்டு, ₹2,226. அந்த மார்க்கப் மேல 18% ஜிஎஸ்டி, ₹401. ஸ்டேட்மென்டில் மொத்தம் ₹66,227 வந்தது. சில பேங்கில் இந்த மார்க்கப் ரெண்டு நாள் கழிச்சு தனி வரியா வரும். செலவு நடந்ததும் வருகிற எஸ்எம்எஸ்ஸை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது.

திவ்யா கம்போடியா செலவைப் பார்த்துக்கிட்டாங்க. அங்கே டாலரே ஓடும், அதனால டாலர் ஃபாரெக்ஸ் கார்டு. ரெண்டு தடவை லோடு பண்ணினாங்க. கட்டணம் எல்லாம் சேர்த்து 400 டாலருக்கு ₹34,800, அப்புறம் 200 டாலருக்கு ₹17,520. சராசரி ஒரு டாலர் ₹87.20. அந்த 600 டாலரும் பொதுச் செலவுக்கே போச்சு. அதாவது ₹52,320.

ஹரி தாய்லாந்தில் ஏடிஎம்மில் கேஷ் எடுத்தார். கையில் வந்தது 10,000 பாட். அந்த ஊர் ஏடிஎம் வெளிநாட்டு கார்டு என்பதால் 220 பாட் கட்டணம் பிடிச்சது. ஆக 10,220 பாட்டுக்கு ₹27,083. அது மேல நம்ம ஊர் பேங்க் மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் ₹1,118. ஏடிஎம் கட்டணம் ஜிஎஸ்டியோட ₹148. மொத்தம் ₹28,349. ஆக அவருக்கு ஒரு பாட் ஏறக்குறைய ₹2.83. இதில் பொதுச் செலவுக்குப் போனது 8,000 பாட், அதாவது ₹22,679. மீதி 2,000 பாட் அவர் சொந்த ஷாப்பிங்.

நிஷா சென்னையிலேயே 500 டாலர் நோட்டை ₹43,750-க்கு வாங்கி, வியட்நாமில் அதை 1.29 கோடி டாங்காக மாத்தினாங்க. ரூபாயிலிருந்து டாலர், டாலரிலிருந்து டாங்னு ரெண்டு தடவை மாத்தியதால் ரெண்டு இடத்திலும் கொஞ்சம் போகும். அவங்களுக்கு ஒரு லட்சம் டாங் ₹339. கூகுளில் அது ₹330. பொதுச் செலவு 1 கோடி டாங், அதாவது ₹33,915.

மொத்தம் ₹1,75,141. கூகுள் ரேட்டில் இதே செலவு ₹1,69,400 என்று காட்டும். நடுவில் இருக்கிற ₹5,741 காணாமல் போகவில்லை. அது நாலு பேர் பேங்க் கணக்கிலிருந்தும் ஏற்கெனவே போயாச்சு. ஷீட்டில்தான் இல்லை.

எல்லாத்தையும் நாலால் வகுக்காதீங்க

கம்போடியாவில் நிஷாவுக்கு காய்ச்சல், ரூமிலேயே இருந்துட்டாங்க. மத்த மூணு பேர் அங்கோர் கோயில்களுக்கு மூணு நாள் பாஸ் எடுத்தாங்க. ஒரு பாஸ் 62 டாலர், மூணுக்கு 186 டாலர். திவ்யாவோட ரேட்டில் ₹16,219. இதை மூணு பேருக்குத்தான் பிரிக்கணும். ஆளுக்கு ₹5,406.

மீதி ₹1,58,922 நாலு பேருக்கும் பொது. ஆளுக்கு ₹39,730 சொச்சம். ஆக கார்த்தி, திவ்யா, ஹரி மூணு பேர் பங்கும் தலா ₹45,137. நிஷா பங்கு ₹39,730.

கட்டினதிலிருந்து பங்கைக் கழிச்சா:

- கார்த்தி: 66,227 − 45,137 = ₹21,090 வரணும்
- திவ்யா: 52,320 − 45,137 = ₹7,183 வரணும்
- ஹரி: 22,679 − 45,137 = ₹22,458 தரணும்
- நிஷா: 33,915 − 39,730 = ₹5,815 தரணும்

வரவேண்டியதன் கூட்டலும் தரவேண்டியதன் கூட்டலும் சமமா இருக்கணும். இங்கே ரெண்டு பக்கமும் ₹28,273. ஒரு பக்கம் கூட வந்தால், ஏதோ ஒரு செலவைப் பிரிக்கும்போது ஒரு ஆள் விட்டுப் போயிருக்கார் அல்லது ரெண்டு தடவை வந்திருக்கார் என்று அர்த்தம்.

அப்புறம் பணத்தை மாத்துறது சுலபம். அதிகம் தரவேண்டியவர், அதிகம் வரவேண்டியவருக்கு முதலில் கொடுக்கணும். ஹரி கார்த்திக்கு ₹21,090. ஹரியிடம் மீதி ₹1,368, அது திவ்யாவுக்கு. நிஷா திவ்யாவுக்கு ₹5,815. மூணே யுபிஐ, முடிஞ்சது. இந்த முறையில் எத்தனை பேரோ அதில் ஒண்ணு குறைச்சலான டிரான்ஸ்ஃபருக்கு மேல தேவைப்படாது. ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியா ஜிபே பண்ணிக்கிட்டு இருக்க வேண்டாம்.

கூகுள் ரேட்டில் முடிச்சிருந்தா?

கார்த்திக்கு ₹19,917 வந்திருக்கும், திவ்யாவுக்கு ₹7,917. ரெண்டு பேரும் ஒரே டிரிப், ஒரே ரூம், ஒரே பாஸ். ஆனா கார்த்தி கையிலிருந்து மொத்தம் ₹46,310 போயிருக்கும், திவ்யா கையிலிருந்து ₹44,403. வித்தியாசம் ₹1,907. எல்லாருக்காகவும் முதலில் கார்டை நீட்டினவருக்கு அதுக்கான தண்டனை மாதிரி. பெரிய தொகை இல்லைதான். ஆனா கார்த்தி சொன்னது இதுதான்: "காசு கூட பரவாயில்லண்ணா. நான் பொய்க் கணக்கு காட்டுற மாதிரி பேசினாங்க பாருங்க, அதுதான்."

ஹரியின் கேள்வி நியாயமானதுதான்

"அவன் 3.5% மார்க்கப் இருக்கிற கார்டை எடுத்துட்டு வந்ததுக்கு நான் ஏன் பங்கு தரணும்? ரிவார்டு பாயின்ட் அவனுக்குத்தானே வருது?" என்று ஹரி கேட்டார். இதுக்கு கணக்கில் பதில் கிடையாது. டிரிப்புக்கு முன்னாடி பேசிக்கிறதில்தான் பதில்.

நான் சொன்னது இது. குழு கேட்டு ஒருத்தர் கட்டியிருந்தால், அந்தக் கட்டணம் குழுவோடது. குழு வேற வழி இருக்குன்னு சொல்லியும், பாயின்டுக்காக அவர் தன் கார்டையே தேய்ச்சிருந்தால் மார்க்கப் அவரோடது. இங்கே ஹோட்டலில் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு கேட்டதால், மத்த மூணு பேரும்தான் கார்த்தியைக் கட்டச் சொன்னாங்க. அதனால பொதுச் செலவு. பாயின்டை அவர் வச்சுக்கட்டும், ஒரு டின்னர் வாங்கித் தரட்டும் என்றேன். ஹரியும் சிரிச்சுட்டார். அவரோட ஏடிஎம் ரேட்தான் நாலு பேர்லயே அதிகம்னு அப்போதான் அவருக்கே தெரிஞ்சது.

அடுத்த டிரிப்புக்கு

பயணத்தின்போது ஷீட்டில் உள்ளூர் காசில் மட்டும் எழுதுங்க. தேதி, யார் கட்டினார், எவ்வளவு, எந்தக் காசு, எதில் கட்டினார், யார் யாருக்காக. இந்த ஆறு காலம் போதும். ரூபாய் காலத்தைக் காலியா விடுங்க. கேஷ் செலவை அன்னைக்கு ராத்திரியே எழுதிடணும். கார்டுக்கு ஸ்டேட்மென்ட் சாட்சி இருக்கு, கேஷுக்கு எதுவும் இல்லை.

கார்டு மெஷின் "ரூபாயில் போடவா, பாட்டில் போடவா" என்று கேட்டால் பாட்டையே தேர்ந்தெடுங்க. ரூபாய் என்றால் கடைப்பக்கம் வைக்கிற ரேட் அது, பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். ஸ்லிப்பில் INR என்று இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே மாத்தச் சொல்லலாம். ஏடிஎம் கட்டணம் எவ்வளவு எடுத்தாலும் ஒரே தொகை என்பதால், அஞ்சு தடவை 2,000 எடுப்பதை விட ஒரு தடவை 10,000 எடுப்பது நல்லது.

ஏர்போர்ட்டிலேயே கணக்கை முடிக்காதீங்க. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வரட்டும், ஹோட்டல் டெபாசிட் திரும்பி வரட்டும். டெபாசிட்டைத் தனியா பிளாக் பண்ணாம சார்ஜ் பண்ணியிருந்தால், திரும்பி வரும் நாள் ரேட் வேற என்பதால் கொஞ்சம் குறைஞ்சும் வரலாம். அந்தக் குறைவும் பொதுச் செலவுதான். அப்புறம் ரூபாய் காலத்தை ஒரே தடவை நிரப்பி, ஃபார்முலாவை எடுத்துட்டு எண்ணை மட்டும் வைங்க.

கடைசியா, கார்த்தி என்னிடம் தனியா கேட்டது: "இந்த ₹21,090-க்கு டாக்ஸ் உண்டா?" இல்லை. நண்பர்களிடமிருந்து வருஷத்துக்கு ₹50,000-க்கு மேல் சும்மா பணம் வந்தால்தான் வரிக் கேள்வி வரும். இது சும்மா வந்த பணம் இல்லை, அவர் மத்தவங்களுக்காகக் கட்டினது திரும்பி வருது. யுபிஐ குறிப்பில் "டிரிப் செட்டில்மென்ட்" என்று போட்டுட்டு, ஷீட்டையும் கார்டு ஸ்டேட்மென்டையும் ஒரு ஃபோல்டரில் வச்சிருங்க, போதும்.

இந்த ஷீட்டை எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவில் திரையில் காட்டுறேன். அந்த நாலு பேரும் மார்ச்சில் இலங்கை போறாங்களாம். ரூபாய் காலம் காலியாத்தான் இருக்குன்னு ஹரியே ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார்.